0.1587 எங்கிருந்து வருகிறது? சரிவக விதி, பரவளைய விதி, பிழை வரம்பு

எஸ்.பி.எம் கூடுதல் கணிதம் எடுத்தவர்களுக்கு அந்தப் பட்டியல் நன்றாகத் தெரியும். வாய்பாடுகளோடு சேர்ந்து வரும் இயல்நிலைப் பரவலின் மேல்வால் பட்டியல். அதில் z = 1.0 என்ற வரியின் முதல் எண் 0.1587. ஆயிரக்கணக்கான கணக்குகளில் அதை எடுத்துப் போடுகிறோம், ஆனால் அந்த எண்ணை யார் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று பெரும்பாலோர் கேட்பதில்லை. பட்டர்வொர்த்தில் என்னிடம் டியூஷன் வரும் ஆறாம் படிவ மாணவர்களுக்கு எண்வழித் தொகையீட்டை இந்த ஒரே எண்ணை வைத்துத்தான் சொல்லித் தருகிறேன். விடை கையில் இருக்கிறது, அதை எட்ட வேண்டிய துல்லியமும் தெரிகிறது: நான்கு தசம இடம். இதைவிடத் தெளிவான பயிற்சிக் கணக்கு கிடைப்பது கடினம்.

எஸ்.டி.பி.எம் பாடத்தில் சரிவக விதி உண்டு. விடை உண்மையைவிடக் கூடுமா குறையுமா என்று வரைபடத்தைப் பார்த்துச் சொல்வதோடு அங்கே நின்றுவிடும். பரவளைய விதியும் பிழை வரம்பும் யு.எஸ்.எம் போன்ற இடத்தில் முதலாண்டில் திடீரென்று வந்து நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைத்தான் இங்கே நிரப்பப் பார்க்கிறேன். வகையிடத் தெரிந்திருந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம்.

கணக்கு என்ன

இயல்நிலை வளைவு y = e^(−x²/2) என்ற வடிவம் கொண்டது. அதன் கீழே உள்ள மொத்தப் பரப்பு √(2π), அதாவது 2.506628. நிகழ்தகவு ஆக்குவதற்காக எல்லாப் பரப்பையும் இந்த எண்ணால் வகுக்கிறோம். நடுக்கோட்டுக்கு வலப்புறம் பாதி, அதாவது 0.5. அதிலிருந்து 0 முதல் 1 வரையுள்ள பகுதியைக் கழித்தால் மிஞ்சுவதுதான் மேல்வால்.

```
I = ∫ e^(−x²/2) dx,  x = 0 முதல் 1 வரை
Q(1) = 0.5 − I / 2.506628
```

ஆக, I தெரிந்தால் வேலை முடிந்தது. சிக்கல் என்னவென்றால், e^(−x²/2) என்பதற்குத் தொகை காண நமக்குத் தெரிந்த சார்புகளில் விடை கிடையாது. பிரதியிடல், பகுதித் தொகையீடு எதை முயன்றாலும் வராது. நம் திறமைக் குறை இல்லை அது, வராது என்பதே நிறுவப்பட்ட உண்மை. எண்வழி போவதைத் தவிர வேறு வழி இல்லை.

பட்டைகளாக வெட்டுங்கள்

0 முதல் 1 வரையுள்ள தூரத்தை n சமப் பட்டைகளாக வெட்டுகிறோம். ஒரு பட்டையின் அகலம் h = (b − a)/n. முதலில் n = 4 எடுத்துக்கொள்வோம், h = 0.25. நான்கு பட்டைக்கு ஐந்து புள்ளி என்பதை மறக்க வேண்டாம். ஐந்து புள்ளியைப் பார்த்துவிட்டு h-ஐ 0.2 என்று போடுவதுதான் நான் அதிகம் திருத்தும் தவறு. ஒவ்வொரு புள்ளியிலும் உயரத்தை ஆறு தசம இடம் வரை எழுதுங்கள்:

```
x = 0      1.000000
x = 0.25   0.969233
x = 0.50   0.882497
x = 0.75   0.754840
x = 1      0.606531
```

நான்கு இடம் வேண்டிய விடைக்கு ஏன் ஆறு இடம் என்று கேட்பீர்கள். இந்த விதிகளில் எல்லா எடைகளும் நேர்ம எண்கள், அவற்றைக் கூட்டினால் தொகையீட்டு நீளமான b − a வரும். எனவே ஒவ்வொரு உயரத்திலும் 0.0000005 வரை முழுதாக்கல் பிழை இருந்தால், விடையிலும் அதே அளவுக்கு மேல் பிழை சேராது, ஏனென்றால் இங்கே நீளம் 1. இந்த நிம்மதி வகையிடுதலை எண்வழி செய்யும்போது கிடைக்காது. அங்கே h-ஆல் வகுப்பதால் சின்னப் பிழையும் ஊதிப் பெருகும்.

சரிவக விதி

அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தால் ஒவ்வொரு பட்டையும் சரிவகமாகிறது. எல்லாவற்றையும் கூட்டும்போது ஓரப் புள்ளிகள் இரண்டும் ஒருமுறையும் நடுப்புள்ளிகள் இருமுறையும் வருகின்றன. எனவே ஓரங்களைப் பாதியாக்கி, நடுவில் உள்ளவற்றை அப்படியே கூட்டி, h-ஆல் பெருக்கினால் போதும்.

```
ஓரங்களின் பாதி:  (1.000000 + 0.606531)/2 = 0.803265
நடுப்புள்ளிகள்:  0.969233 + 0.882497 + 0.754840 = 2.606570
T4 = 0.25 × 3.409835 = 0.852459
```

இதை 2.506628-ஆல் வகுத்தால் 0.340082. எனவே Q(1) = 0.1599. பட்டியலில் 0.1587. மூன்றாவது தசம இடத்திலேயே உதைக்கிறது.

எந்தப் பக்கம் தவறியது என்பதை வரைபடமே சொல்லும். 0 முதல் 1 வரை இந்த வளைவு கீழ்நோக்கிக் குழிந்தது, மேடு போல. மேட்டின் மேல் இரண்டு புள்ளியைக் கோட்டால் இணைத்தால் கோடு வளைவுக்குக் கீழேதான் ஓடும். ஆகவே பரப்பு குறைகிறது, அதனால் மேல்வால் கூடுகிறது. இதை இரண்டாம் வகைக்கெழு எதிர்ம எண்ணாக இருப்பதை வைத்தும் உறுதி செய்யலாம். சற்று நேரத்தில் அது வருகிறது.

பரவளைய விதி

நேர்கோட்டுக்குப் பதிலாக வளைவையே வளைவால் பிடித்தால் என்ன? மூன்று புள்ளிகள் வழியாக ஒரே ஒரு பரவளையம் போகும். எனவே பட்டைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒவ்வொரு ஜோடியின் மேலும் ஒரு பரவளையத்தைப் பொருத்துகிறோம். உயரங்கள் y0, y1, y2 என்றால் அந்த ஜோடியின் பரப்பு

```
(h/3) × (y0 + 4·y1 + y2)
```

இதை மனப்பாடம் செய்வதைவிட ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது. y = x² என்பதை −h முதல் h வரை எடுங்கள். உண்மைப் பரப்பு 2h³/3. விதிப்படி (h/3)(h² + 0 + h²), அதுவும் 2h³/3. சரி. இப்போது y = x³ எடுங்கள். உண்மைப் பரப்பு 0, ஏனென்றால் இடமும் வலமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. விதிப்படி (h/3)(−h³ + 0 + h³), அதுவும் 0. பரவளையத்துக்காகச் செய்த விதி முப்படிச் சார்புக்கும் துல்லியமாக விடை தருகிறது. கூடுதலாகக் கிடைத்த இந்த ஒரு படிதான் பரவளைய விதியின் பலம். பிழையில் நான்காம் வகைக்கெழு வருவதற்கும் இதுவே காரணம்: மூன்றாம் படி வரை பிழையே இல்லை, எனவே அதற்கு மேல் உள்ளதுதான் தெரியும்.

இந்த விதிக்குத் தாமஸ் சிம்சனின் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அவர் பிறப்பதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முன்பே, 1615-இல், கெப்ளர் மதுப் பீப்பாய்களின் கொள்ளளவை அளக்க இதே விதியைப் பயன்படுத்தியிருக்கிறார்.

ஜோடிகளை வரிசையாகச் சேர்த்தால் எடைகள் 1, 4, 2, 4, 1 என்று அமையும். ஒரு ஜோடியின் கடைசிப் புள்ளியே அடுத்த ஜோடியின் முதல் புள்ளி என்பதால் அங்கே 2. ஜோடி சேர வேண்டும் என்பதால் n இரட்டைப்படையாக இருந்தே ஆக வேண்டும்.

```
ஓரங்கள்:        1.000000 + 0.606531 = 1.606531
4 × ஒற்றை இடம்:  4 × (0.969233 + 0.754840) = 6.896292
2 × இரட்டை இடம்: 2 × 0.882497 = 1.764994
S4 = (0.25/3) × 10.267817 = 0.855651
```

அதே ஐந்து உயரங்கள்தான், கூடுதலாக ஒரு புள்ளிகூடக் கணக்கிடவில்லை. எடையை மட்டும் மாற்றினோம். 0.855651-ஐ 2.506628-ஆல் வகுத்தால் 0.341355. Q(1) = 0.158645.

இங்கே ஒரு மாணவி கையைத் தூக்கினாள். "சார், முழுசாக்கினா எனக்கு 1586 வருது. டேபிள்ல 1587 போட்டிருக்கு. எங்க தப்பு?"

தப்பு எங்கேயும் இல்லை. ஆனால் அவள் கேட்டது இந்தக் கட்டுரையின் மையக் கேள்வி. பிழை வரம்பு இல்லாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

பிழை வரம்பு

உண்மை விடை தெரியாதபோதும், நம் விடை அதிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு விலகியிருக்க முடியும் என்று சொல்லும் வாய்பாடு இரண்டு விதிக்கும் உண்டு:

```
சரிவகம்:   |பிழை| ≤ (b − a)·h²·M2 / 12
பரவளையம்:  |பிழை| ≤ (b − a)·h⁴·M4 / 180
```

M2 என்பது அந்த இடைவெளி முழுவதிலும் |f''| எட்டும் அதிகபட்சம். M4 என்பது |f''''| எட்டும் அதிகபட்சம். எல்லாப் பாடுபடலும் இந்த M-ஐக் கண்டுபிடிப்பதில்தான். நம் சார்புக்கு வகையிடல் அழகாக வருகிறது, ஏனென்றால் f' = −x·f. ஒவ்வொரு முறையும் பெருக்கல் விதியைப் போட்டால்:

```
f''   = (x² − 1)·f
f'''  = (3x − x³)·f
f'''' = (x⁴ − 6x² + 3)·f
```

M2 எளிது. 0 முதல் 1 வரை x² − 1 என்பது −1-இல் தொடங்கி 0-வில் முடிகிறது. f ஒருபோதும் 1-ஐத் தாண்டுவதில்லை. x = 0-வில் இரண்டும் உச்சத்தில் இருக்கின்றன. எனவே M2 = 1. f'' இந்த இடைவெளியில் நேர்ம எண் ஆவதே இல்லை, சரிவக விடை குறைவாக வந்ததற்கு இதுவே சான்று.

M4-க்கு x² = t என்று வையுங்கள். t² − 6t + 3 என்பது t = 3 வரை இறங்கிக்கொண்டே போகும். எனவே நம் இடைவெளியில் அது 3-இல் தொடங்கி −2-இல் முடிகிறது. அதன் அளவு 3-ஐத் தாண்டாது, f-உம் 1-ஐத் தாண்டாது. x = 0-வில் சரியாக 3 வருகிறது. M4 = 3.

இங்கே உச்சம் ஓரத்தில் அமைந்தது நம் அதிர்ஷ்டம். இதைப் பார்த்து, இரண்டு ஓரத்திலும் மதிப்பைப் போட்டுப் பெரியதை எடுத்தால் போதும் என்று பழகிவிடாதீர்கள். இதே சார்பை 1 முதல் 2 வரை எடுங்கள். x = 1-இல் f'' பூஜ்யம், x = 2-இல் 0.406. ஆனால் நடுவில், f''' பூஜ்யமாகும் x = √3 என்ற இடத்தில், அது 0.446 வரை ஏறி இறங்குகிறது. ஓரங்களை மட்டும் பார்த்தவர் எழுதும் வரம்பு வரம்பே அல்ல, உண்மைப் பிழை அதைத் தாண்டிப் போகலாம். M-ஐ ஐயமிருந்தால் பெரிதாக எடுங்கள். சற்றே பெரிய M-ஆல் சில பட்டைகள் கூடும், அவ்வளவுதான். சிறிய M எடுத்தால் உத்தரவாதமே போய்விடும்.

எத்தனை பட்டை வேண்டும்

இப்போது பின்னாலிருந்து வருவோம். நான்கு தசம இடத் துல்லியம் என்றால் பொதுவாக எல்லோரும் எடுப்பது: Q-வில் பிழை 0.00005-க்குள் இருக்க வேண்டும். Q என்பது I-ஐ 2.506628-ஆல் வகுத்து வருவதால், I-இல் அனுமதிக்கும் பிழை 0.00005 × 2.506628, அதாவது 0.000125. இந்த மாற்றத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எந்த எண்ணில் துல்லியம் கேட்கிறார்கள், எந்த எண்ணுக்கு விதியைப் போடுகிறோம் என்பதைப் பிரித்துப் பாருங்கள்.

நீளம் 1 என்பதால் h = 1/n. சரிவகத்துக்கு 1/(12n²) ≤ 0.000125. n குறைந்தது 26. பரவளையத்துக்கு 3/(180n⁴) = 1/(60n⁴) ≤ 0.000125. அதாவது n⁴ ஏறக்குறைய 133 ஆக வேண்டும், n 3.4-ஐத் தாண்ட வேண்டும். அடுத்த இரட்டைப்படை எண் 4. ஆக, 26 பட்டை எங்கே, 4 பட்டை எங்கே!

அப்படியானால் நான்கு பட்டை போதும் என்று கணக்கு சொல்கிறது, ஆனாலும் கடைசி இலக்கம் மாறி வந்தது. ஏன்? n = 4-க்கு I-இல் வரம்பு 1/15360, அதாவது 0.0000651. Q-வில் அது 0.000026. எனவே நமக்கு உண்மையில் தெரிந்தது இவ்வளவுதான்: Q(1) என்பது 0.158645-இலிருந்து இரு பக்கமும் 0.000026-க்குள், அதாவது 0.158619-க்கும் 0.158671-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. முழுதாக்கலின் எல்லைக்கோடான 0.15865 சரியாக இந்த இடைவெளிக்குள் விழுகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தால் 0.1586, அந்தப் பக்கம் இருந்தால் 0.1587. நான்கு பட்டையால் இதைத் தீர்மானிக்க முடியாது.

பிழை 0.00005-க்குள் இருப்பது வேறு, நான்காவது இலக்கம் சரியாக அச்சாவது வேறு. முதலாவதை முன்கூட்டியே உறுதி செய்யலாம். இரண்டாவது, விடை எல்லைக்கோட்டுக்கு எவ்வளவு அருகில் விழுகிறது என்பதைப் பொறுத்தது, அது கணக்கிட்ட பிறகுதான் தெரியும். தேர்வில் கேட்பது முதலாவதுதான், அந்த மாணவியின் n = 4 தேர்வில் முழு மதிப்பெண் வாங்கும். ஆனால் பட்டியல் அச்சிடுகிறவருக்கு இரண்டாவது வேண்டும்.

வழி எளிது: வரம்பின் இரு முனைகளையும் எழுதி, இரண்டையும் முழுதாக்கிப் பாருங்கள். இரண்டும் ஒரே எண்ணைத் தந்தால் நிறுத்தலாம், வெவ்வேறாக வந்தால் n-ஐக் கூட்டுங்கள். n = 6 போட்டால் Q-வில் வரம்பு 0.000005 ஆகச் சுருங்கும். விடை 0.158653 அருகில் வரும், ஆனால் கீழ்முனை 0.158648. இன்னும் கோட்டைத் தாண்டவில்லை. n = 8 போடுவோம். h = 0.125. பழைய ஐந்து உயரங்களும் அப்படியே பயன்படும், புதிதாக நான்கு மட்டும் வேண்டும்:

```
x = 0.125   0.992218
x = 0.375   0.932102
x = 0.625   0.822578
x = 0.875   0.681941

4 × 3.428839 = 13.715356
2 × 2.606570 = 5.213140
ஓரங்கள்        1.606531
S8 = (0.125/3) × 20.535027 = 0.855626
```

Q(1) = 0.5 − 0.341345 = 0.158655. வரம்பு I-இல் 1/245760, Q-வில் 0.0000016. உயரங்களை முழுதாக்கியதால் வரும் பிழையையும் சேர்த்தாலும் 0.000002-க்கு உள்ளேதான். கீழ்முனை 0.158653, மேல்முனை 0.158657. இரண்டையும் முழுதாக்கினால் 0.1587. பட்டியல் சரி, ஒன்பது உயரங்களில் அதை நாமே நிறுவிவிட்டோம். இதே வரம்பைச் சரிவக விதியால் எட்ட வேண்டுமானால் ஏறக்குறைய 145 பட்டைகள் போட வேண்டியிருக்கும்.

எக்செல்லில் போடும்போது

கையால் ஒருமுறை செய்த பிறகு அட்டவணையில் போடுங்கள். A2 முதல் A10 வரை x, B-யில் உயரம், C-யில் எடை 1, 4, 2, 4, 2, 4, 2, 4, 1.

```
B2:  =EXP(-(A2^2)/2)
S8:  =SUMPRODUCT(B2:B10,C2:C10)*0.125/3
```

B2-வில் உள்ள உள் அடைப்புக்குறியைக் கவனியுங்கள். அது அலங்காரத்துக்கு இல்லை. எக்செல்லில் `-A2^2` என்று எழுதினால் அது முதலில் குறியை மாற்றி, பிறகு வர்க்கம் எடுக்கும். எதிர்மக் குறி காணாமல் போய்விடும். வளைவு இறங்குவதற்குப் பதிலாக ஏறும், கடைசி விடை 0.0233 என்று வரும். நிகழ்தகவாகப் பார்த்தால் அதில் ஒன்றும் விபரீதமாகத் தெரியாது, அதனால்தான் இது ஆபத்து. B பத்தியைக் கண்ணால் ஓட்டிப் பார்த்தால் பிடித்துவிடலாம்: உயரங்கள் 1-இல் தொடங்கி 0.6065-க்கு இறங்க வேண்டும். கால்குலேட்டரிலும் பைதானிலும் வர்க்கம் முதலில் நடக்கும் என்பதால் அங்கே பழகிய கை இங்கே ஏமாறும்.

எடைகளுக்கும் ஒரு சோதனை உண்டு. C பத்தியைக் கூட்டினால் 24 வர வேண்டும். 24 × 0.125/3 = 1, அதுதான் நம் நீளம். வேறு எண் வந்தால் 4 வர வேண்டிய இடத்தில் 2-ஓ, 2 வர வேண்டிய இடத்தில் 4-ஓ விழுந்திருக்கிறது, அல்லது n ஒற்றைப்படை ஆகிவிட்டது. n = 7 போட்டாலும் எக்செல் எந்த எச்சரிக்கையும் தராது, பேசாமல் ஓர் எண்ணைக் காட்டும். கடைசியாக `=1-NORM.S.DIST(1,TRUE)` போட்டால் 0.158655 வரும், 0.5 − S8/2.506628 என்ற உங்கள் விடையோடு ஒப்பிடுங்கள்.

M கிடைக்காதபோது

நம் சார்பு சாதுவானது. நான்கு முறை வகையிட்டால் இரண்டு பக்கம் நீளும் சார்புகளும் உண்டு. அப்போது நடைமுறையில் செய்வது பட்டைகளை இரட்டிப்பாக்கிப் பார்ப்பது. h பாதியானால் சரிவகப் பிழை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகவும் பரவளையப் பிழை பதினாறில் ஒரு பங்காகவும் குறையும். எனவே S4-க்கும் S8-க்கும் உள்ள வித்தியாசத்தை 15-ஆல் வகுத்தால் S8-இல் மிஞ்சியிருக்கும் பிழையின் மதிப்பீடு கிடைக்கும். நம் கணக்கில் வித்தியாசம் 0.000025, பதினைந்தால் வகுத்தால் 0.0000017. உண்மைப் பிழையும் அதே அளவுதான். வரம்பு சொன்ன 0.0000041-ஐவிட இது நெருக்கமானது. வரம்பு மிக மோசமான நிலையை மனதில் வைத்துப் பேசும், எனவே பெரும்பாலும் சற்று அகலமாகவே இருக்கும். ஆனால் வரம்பு தருவது உத்தரவாதம், இரட்டிப்பு தருவது மதிப்பீடு. இரண்டையும் ஒன்றாக எழுதிவிடக் கூடாது.

அந்த 16 மடங்கு குறையாவிட்டால் எங்கோ சிக்கல் இருக்கிறது என்று பொருள். இதைக் காட்ட நான் வழக்கமாக எடுப்பது √x, 0 முதல் 1 வரை. உண்மை விடை 2/3. பரவளைய விதியில் n = 4-க்கு 0.656526, n = 8-க்கு 0.663079. பிழை 0.010141-இலிருந்து 0.003588-க்குத்தான் இறங்கியது, மூன்று மடங்குகூட இல்லை. காரணம், x = 0-வில் √x செங்குத்தாக எழுகிறது. அதன் வகைக்கெழுக்கள் எல்லாம் அங்கே வரம்பில்லாமல் பெருகுகின்றன, M4 என்று ஒன்று கிடையவே கிடையாது. வாய்பாட்டில் போட எண்ணே இல்லாதபோது அது எந்த வாக்குறுதியும் தரவில்லை. விதி தப்பாகிவிடவில்லை, விடை மெல்ல நெருங்கத்தான் செய்கிறது. ஆனால் பட்டைகளைக் கூட்டிக்கொண்டே போவது வீண் உழைப்பு.

அங்கே மாற்ற வேண்டியது n அல்ல, மாறி. x = t² என்று பிரதியிட்டால் dx = 2t dt, தொகை 2t² என்பதன் 0 முதல் 1 வரையான தொகையாகிறது. அது பரவளையம். n = 2 போடுங்கள்: (0.5/3)(0 + 4 × 0.5 + 2) = 2/3. மூன்றே புள்ளிகளில் பிழையில்லாத விடை.